அரபி லேபிளில் எண்ணும் புள்ளியும் இடம் மாறாமல் இருக்க

திருச்சியிலிருந்து துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் நேரடி விமானம் போகிறது. அங்கே கடையில் விற்கும் உணவுப் பாக்கெட்டில் விவரங்கள் அரபியில் இருந்தாக வேண்டும், ஜி.எஸ்.ஓ. 9 என்ற வளைகுடாத் தரவிதி அதைக் கட்டாயமாக்குகிறது. ஆகவே ஸ்ரீரங்கத்திலோ தில்லைநகரிலோ டிடிபி கடை வைத்திருப்பவரிடம், அரபியில் ஒரு எழுத்தும் தெரியாவிட்டாலும், ஒருநாள் இந்த வேலை வந்து சேரும்.

மொழிபெயர்ப்பாளர் அரபி வரிகளை அனுப்பிவிடுவார். அவற்றை ஒட்டி, தொலைபேசி எண், தேதி, பேட்ச் எண், முகவரி ஆகியவற்றை நீங்கள் அடிக்கிறீர்கள். அடித்தது ஒன்று, திரையில் தெரிவது வேறொன்று. கணினிக்கோ எழுத்துருவுக்கோ கோளாறு இல்லை. வரியின் ஓட்டத்தைப் பற்றிக் கணினிக்கு நீங்கள் சொல்லாமல் விட்டதை அது ஊகித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இந்த அத்தியாயத்தில் 200 கிராம் வாழைக்காய் சிப்ஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டு வரி வரியாகச் சரிசெய்வோம். உருதுவுக்கும் இதே முறைதான். அரபி எழுத்தை இந்தப் பக்கத்திலேயே அச்சிட்டால் நாம் பேசும் அதே சிக்கல் இங்கேயும் வரும். அதனால் அரபிச் சொல் வரும் இடத்தில் [அரபி] என்று போட்டிருக்கிறேன். ‘அடித்தது’ என்ற வரி நீங்கள் தட்டிய வரிசை. ‘தெரிவது’ என்ற வரி கண்ணுக்குப் படும் வரிசை.

தெரிந்துகொள்ள வேண்டிய அளவு

ஆங்கில எழுத்தும் தமிழ் எழுத்தும் இடமிருந்து வலமாக ஓடும். அரபி எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். இவற்றுக்குத் தங்கள் திசையில் சந்தேகமே கிடையாது. எண், அரைகுறை. ஓர் எண்ணுக்குள் இலக்கங்கள் எப்போதும் இடமிருந்து வலம்தான். ஆனால் அந்த எண் வரியில் எந்தப் பக்கம் உட்காரும் என்பதை அதற்கு முன்னால் உள்ள எழுத்து தீர்மானிக்கிறது. இடைவெளி, அடைப்புக்குறி, முற்றுப்புள்ளி, ஆச்சரியக்குறி ஆகியவற்றுக்குச் சொந்தத் திசை இல்லை. இரு பக்கமும் ஒரே திசை இருந்தால் அதோடு போகும்; இல்லையென்றால் பத்தியின் திசையோடு போகும்.

திசைக்குறி என்பது கண்ணுக்குத் தெரியாத, அகலமே இல்லாத ஓர் எழுத்து. எல்.ஆர்.எம். (யூனிகோடு எண் `200E`) ஓர் ஆங்கில எழுத்தைப் போல நடந்துகொள்ளும். ஆர்.எல்.எம். (`200F`) வலமிருந்து ஓடும் எழுத்தைப் போல நடந்துகொள்ளும். வேலையில் முக்கால்வாசி எல்.ஆர்.எம். ஒன்றிலேயே முடிந்துவிடும்.

முதலில் பத்தியின் திசை

வரும் பிழைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. அரபி வலப்பக்கம் நிற்க வேண்டும் என்று பலரும் `Align Right` பொத்தானை அழுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது வரியை வலப்பக்கம் தள்ளுகிறதே தவிர, பத்தி உள்ளுக்குள் ஆங்கிலப் பத்தியாகவே இருக்கிறது. கண்டுபிடிப்பது சுலபம்: அரபி வாக்கியத்தின் முற்றுப்புள்ளி இடக்கோடியில் இருக்க வேண்டும். அது வலக்கோடியில், வாக்கியம் தொடங்கும் இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பத்தியின் திசை தவறு.

1. விண்டோஸ் அமைப்புகளில் அரபி விசைப்பலகையைச் சேர்த்துவிடுங்கள். அதில் தட்டப்போவதில்லை என்றாலும் சேருங்கள். அப்போதுதான் திசை மாற்றும் வசதி விழித்துக்கொள்ளும்.
2. வேர்டிலோ நோட்பேடிலோ அரபிப் பத்திக்குள் சுட்டியை வைத்து, Ctrl விசையோடு வலப்பக்க Shift விசையை அழுத்துங்கள். பத்தி வலமிருந்து இடமாக மாறும். இடப்பக்க Shift அழுத்தினால் பழையபடி திரும்பும்.
3. முற்றுப்புள்ளி இடக்கோடிக்குப் போய்விட்டதா என்று பாருங்கள். போகாதவரை ஒரு திசைக்குறியையும் செருகாதீர்கள். தவறான பத்தியில் குறி போட்டுச் சரிக்கட்டினால், பிறகு திசையைத் திருத்தும்போது எல்லாம் மறுபடி கலையும்.

குறியை எப்படிச் செருகுவது

வேர்டில் `200E` என்று தட்டி உடனே Alt+X அழுத்தினால் அந்த நான்கு எழுத்தும் மறைந்து, அந்த இடத்தில் எல்.ஆர்.எம். நிற்கும். ஒரு கண்ணி உண்டு. அதற்கு முன்னால் இடைவெளி இல்லாமல் இலக்கமோ A முதல் F வரையிலான எழுத்தோ இருந்தால், வேர்டு அதையும் சேர்த்து விழுங்கி வேறு ஏதோ எழுத்தைத் துப்பும். அந்த மாதிரி இடத்தில் `200E` என்ற நான்கை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு Alt+X அழுத்துங்கள்.

லிப்ரே ஆபிஸில் `Insert` பட்டியலில் `Formatting Mark` என்பதற்குள் `Left-to-right mark` இருக்கிறது. நோட்பேடில் வலச் சொடுக்கினால் `Insert Unicode control character` வரும். அதற்கு அருகிலேயே குறிகளைக் காட்டும் வசதியும் உண்டு. இந்த வசதி இருக்கும் நோட்பேடில் எழுத்து வேலையை முடித்துவிட்டு வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டுவதுதான் எனக்குப் பிடித்த வழி. குறி எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம்.

பாக்கெட்டின் பின்பக்கம்: நான்கு வரிகள்

முதலில் தொலைபேசி.

```
அடித்தது: [அரபி]: +91 431 000 0000
தெரிவது: 0000 000 431 91+ :[அரபி]
```

எண்ணின் ஒவ்வொரு துண்டும் உள்ளுக்குள் சரியாக இருக்கிறது. ஆனால் துண்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளி அரபியோடு சேர்ந்துவிட்டதால் துண்டுகள் வலமிருந்து அடுக்கப்பட்டன. கூட்டல் குறியும் மறுபக்கம் தாவியது. மருந்து ஒரே ஒரு எல்.ஆர்.எம்.: கூட்டல் குறிக்கு நேர் முன்னால்.

```
அடித்தது: [அரபி]: [LRM]+91 431 000 0000
தெரிவது: +91 431 000 0000 :[அரபி]
```

அந்த ஒரு குறிக்குப் பிறகு வருகிற எண்கள் எல்லாம் ‘முன்னால் ஆங்கில எழுத்து இருக்கிறது’ என்று நினைத்து இடமிருந்து வலமாக அமர்ந்துவிடுகின்றன. குறியை இடைவெளிக்கு முன்னால் வைத்தாலும் எண் சரியாகிவிடும். ஆனால் கூட்டல் குறியை ஒட்டியே வையுங்கள். இல்லாவிட்டால் இடைவெளியும் எண்ணோடு சேர்ந்துகொண்டு அதன் இடப்பக்கம் போய்விடும். முக்காற்புள்ளி எண்ணில் மோதி நிற்கும்.

அடுத்தது தேதி. இந்த வரியில்தான் உண்மையான ஆபத்து.

```
அடித்தது: [அரபி]: 07-09-26
தெரிவது: 26-09-07 :[அரபி]
```

தொலைபேசி எண் கவிழ்ந்தால் பார்த்தவுடனே தெரியும். தேதி கவிழ்ந்தால் அதுவும் ஒரு தேதியாகவே தெரியும். 2026 செப்டம்பர் 7 என்று நீங்கள் அடித்தது, 2007 செப்டம்பர் 26 என்று படிக்கக் கிடக்கும். இதே தேதியைச் சாய்கோடு போட்டு 07/09/26 என்றோ, புள்ளி வைத்து 07.09.26 என்றோ அடித்துப் பாருங்கள், கவிழாது. காரணம், சாய்கோடு, புள்ளி, காற்புள்ளி, முக்காற்புள்ளி ஆகியவை இரண்டு எண்ணுக்கு நடுவில் ஒற்றையாக வந்தால் எண்ணின் பகுதியாகவே கருதப்படும். சிறுகோட்டுக்கும் அந்தச் சலுகை உண்டுதான். ஆனால் முன்னால் அரபி அல்லது உருது எழுத்து இருந்தால் அது பறிபோய்விடும். ஒரு கோப்பில் தேதி சரியாக வந்தது, இன்னொன்றில் கவிழ்ந்தது, இரண்டும் நான் அடித்ததுதான் என்று குழம்புகிறவர்கள் நடுவில் என்ன குறி போட்டோம் என்று பார்த்தால் போதும்.

தேதிக்கு முன்னால் எல்.ஆர்.எம். வைத்தால் சிறுகோட்டுத் தேதியும் நேராகிவிடும். ஆனாலும் லேபிளில் எண்களால் மட்டும் தேதி போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அரபி வாசகர் எண் தேதியையும் வலமிருந்து படிக்கக்கூடும். அவர் எந்தப் பக்கத்திலிருந்து படிப்பார் என்று நம்மால் சொல்ல முடியாது. மாதத்தின் பெயரை அரபி எழுத்தில் வாங்கி, ஆண்டை நான்கு இலக்கத்தில் போட்டுவிடுங்கள்.

```
அடித்தது: [அரபி]: 7 [செப்டம்பர் - அரபியில்] 2026
தெரிவது: 2026 [செப்டம்பர் - அரபியில்] 7 :[அரபி]
```

வலமிருந்து படித்தால் நாள், மாதம், ஆண்டு. குறியே தேவையில்லை. நமக்குப் பார்க்கத் தலைகீழாகத் தோன்றும், கை வைக்காதீர்கள்.

மூன்றாவது, பேட்ச் எண்.

```
அடித்தது: [அரபி]: 0726-B
தெரிவது: B-0726 :[அரபி]
```

எண்ணில் தொடங்கி எழுத்தில் முடிகிற குறியீடுகள் எல்லாம் இப்படித்தான் உடையும். B-0726 என்று எழுத்தில் தொடங்கினால் உடையாது. அட்டைப்பெட்டியிலும் இன்வாய்ஸிலும் ஒன்று, பாக்கெட்டில் வேறொன்று என்று ஆகிவிட்டால் சரக்கு போய்ச் சேரும் இடத்தில் விளக்கம் சொல்ல வேண்டிவரும். எண்ணுக்கு முன்னால் எல்.ஆர்.எம். வையுங்கள். வாடிக்கையாளர் இனிமேல்தான் பேட்ச் முறையைத் தொடங்கப்போகிறார் என்றால், எழுத்தை முதலில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள், வேலை மிச்சம்.

நான்காவது, முகவரி. இது ஆங்கிலத்திலேயே இருக்கும். கதவு எண் கற்பனை.

```
அடித்தது: [அரபி]: 12/4, N. Chitra St., Srirangam - 620 006.
தெரிவது: .N. Chitra St., Srirangam - 620 006 ,12/4 :[அரபி]
```

நடுவில் உள்ள தெருவும் ஊரும் பின்கோடும் அசையவில்லை. ஆங்கில எழுத்துக்குப் பின்னால் வந்ததால் 620 006 கூட ஒழுங்காக நிற்கிறது. கெட்டுப்போனவை இரண்டு முனைகள்தான். முன்னால் உள்ள கதவு எண் அரபியோடு போய்விட்டது. கடைசிப் புள்ளி இடக்கோடிக்கு ஓடிவிட்டது. ஆகவே இரண்டு முனைக்கும் ஆளுக்கொரு காவல்.

```
[அரபி]: [LRM]12/4, N. Chitra St., Srirangam - 620 006.[LRM]
```

எண்ணிலோ நிறுத்தக்குறியிலோ தொடங்கினால் முன்னால் ஒன்று, நிறுத்தக்குறியில் முடிந்தால் பின்னால் ஒன்று. எழுத்தில் தொடங்கி எழுத்திலோ எண்ணிலோ முடிகிற ஆங்கிலத் துண்டுக்கு எதுவுமே வேண்டாம். தேவையில்லாத இடத்திலெல்லாம் குறியைத் தூவுகிறவர்கள் பிறகு எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் திணறுவார்கள்.

திருத்தக் கூடாத இடம்

பச்சை வாழைத்தார் ஏற்றுமதி செய்பவருக்குப் பெட்டி லேபிள் போடுகிறீர்கள். ‘13-14 பாகை வெப்பத்தில் வைக்கவும்’ என்பது அரபியில் இருக்கிறது. திரையில் 14-13 என்று தெரியும். இது பிழை அல்ல. ‘இதிலிருந்து இதுவரை’ என்று சொல்லும் எண்களை அரபி வாசகர் வலமிருந்துதான் படிப்பார். அவர் கண்ணுக்கு முதலில் படுவது 13. இங்கே எல்.ஆர்.எம். வைத்தால்தான் அவருக்குத் தலைகீழாகும். 200 கிராம் என்பதும் அப்படியே: எண் வலப்பக்கம், அதன் இடப்பக்கம் அலகு. தொலைபேசி, குறியீடு, முகவரி ஆகியவற்றை இடமிருந்து படிக்க வேண்டும். அளவும் வீச்சும் அரபி வாக்கியத்தோடு ஓட வேண்டும்.

தமிழ்ப் பத்திக்குள் அரபி வந்தால்

நத்தர் வலி தர்கா விழாவுக்கு ஒரு துண்டறிக்கை, அல்லது ஒரு நிக்காஹ் அழைப்பிதழ். பத்தி தமிழ், நடுவே அரபித் தொடர். இப்போது நிலைமை மாறிவிட்டது: பத்தி இடமிருந்து ஓடுகிறது. அரபித் தொடருக்குச் சொந்தமான ஆச்சரியக்குறி அதன் இடப்பக்கம் வர வேண்டியது, வலப்பக்கம் போய் நிற்கும். அந்தக் குறிக்கு அடுத்து ஆர்.எல்.எம். வையுங்கள், அது அரபிக்குள்ளேயே அடங்கிவிடும்.

அரபிக்கு அடுத்து எண் வந்தால் இன்னும் வேடிக்கை. குர்ஆனில் யாஸீன் 36-ஆவது அத்தியாயம். அத்தியாயத்தின் பெயரை அரபியில் போட்டு இதை அடித்தால்:

```
அடித்தது: [அரபி] 36-ஆவது அத்தியாயம்
தெரிவது: 36 [அரபி]-ஆவது அத்தியாயம்
```

எண் அரபியின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. ‘-ஆவது’ மட்டும் தனியே தொங்குகிறது. 36-க்கு முன்னால் எல்.ஆர்.எம். வைத்தால் திரும்பி வந்துவிடும். காற்புள்ளியிட்டு இரண்டு அரபிப் பெயர்களை அடுக்கினாலும் இதேதான்: இரண்டாவது பெயர் இடப்பக்கம் வந்துவிடும். தமிழ் வாசகர் இடமிருந்து படிப்பதால் மணமகன் பெயரும் மணமகள் பெயரும் இடம் மாறிவிடும். காற்புள்ளியை அடுத்து எல்.ஆர்.எம். போதும்.

எச்சரிக்கை: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தமிழை அடித்து அரபிப் பத்திக்குள் வைக்காதீர்கள். பாமினியில் மெய்ப்புள்ளி என்பது உண்மையில் ஆங்கில அரைப்புள்ளி. ‘இ’ என்பது காற்புள்ளி. கணினி அவற்றை நிறுத்தக்குறியாகவே பார்க்கும். ஸ்ரீரங்கம் என்று முடிகிற வரியில் கடைசி ‘ம்’ உடைய புள்ளி மட்டும் கழன்று இடக்கோடிக்குப் போய்விடும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி நிறுவிப் பயனில்லை. யூனிகோடு தமிழுக்கு மாற்றுவதுதான் வழி.

செய்யக் கூடாதவை

எண்ணைத் தலைகீழாகத் தட்டிச் சரிக்கட்டுவது. 0000 000 431 91+ என்று அடித்தால் திரையில் நேராகத் தெரியலாம். ஆனால் அதே கோப்பை வேறு மென்பொருளில் திறந்தாலோ, வாடிக்கையாளர் அந்த வரியை நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டினாலோ குட்டு வெளிப்படும். படிக்கும் வரிசையில்தான் அடிக்க வேண்டும், எப்போதும். பேஜ்மேக்கரில் வேறு வழியில்லாமல் அப்படிச் செய்து பழகியவர்கள் உண்டு. அரபி வேலையை அதில் எடுக்காமல் இருப்பதே நல்லது.

எல்.ஆர்.ஐ., பி.டி.ஐ. (`2066`, `2069`) என்று திறந்து மூடும் ஜோடிக் குறிகள் 2013-இல் வந்தன. உள்ளே இருப்பதை முழுவதும் தனித்து வைப்பதால் கோட்பாட்டளவில் இவையே மேல். ஆனால் பழைய மென்பொருள்களில் இவை கட்டம் கட்டமாகத் தெரியக்கூடும். மூட மறந்தால் பத்தி முடியும்வரை பாதிக்கும். அச்சு வேலைக்கு எல்.ஆர்.எம். போதும்.

`202E` என்ற குறியைத் தொடவே தொடாதீர்கள். அது எழுத்துகளைக் கண்மூடித்தனமாகத் தலைகீழாக்கும். மோசடிக்காரர்களுக்குப் பிடித்தமான குறி அது.

```
உண்மைப் பெயர்: photo_[202E]gpj.exe
தெரிவது: photo_exe.jpg
```

படம் என்று நினைத்துத் திறந்தால் ஒரு நிரல் ஓடும். வேலைக்கென்று மின்னஞ்சலில் வரும் கோப்புகளைத் திறக்குமுன், பெயரை நம்பாமல், எக்ஸ்ப்ளோரரில் `Type` என்ற நெடுவரிசையைப் பாருங்கள்.

குறி ஒளிந்திருக்கக் கூடாத இடங்கள்

லேபிளில் உதவிய அதே குறி, நகலெடுக்கும்போது எண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும். மின்னஞ்சல் முகவரி, யூபிஐ ஐடி, பார்கோடுக்கும் கியூஆருக்கும் கொடுக்கும் தரவு, கோப்புப் பெயர் ஆகியவற்றில் அது இருந்தால் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். இயந்திரம் மட்டும் ஏற்காது. எக்ஸெலில் தேடினால் ‘இல்லை’ என்று வரும். சந்தேகம் வந்தால் நீளத்தை எண்ணிப் பாருங்கள்: 10 இலக்கத்துக்கு 11 என்று வந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.

```
=LEN(A1)
=SUBSTITUTE(SUBSTITUTE(A1,UNICHAR(8206),""),UNICHAR(8207),"")
```

இரண்டாவது சூத்திரம் எல்.ஆர்.எம்., ஆர்.எல்.எம். இரண்டையும் உரித்துவிடும். பார்கோடு எண்ணை லேபிள் வரியிலிருந்து நகலெடுக்காமல் புதிதாகத் தட்டுவது அதைவிடச் சுருக்கம்.

அச்சுக்குப் போகும் முன்

1. வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டிய பிறகு, பத்தியின் திசையை அங்கேயும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். அடோபி மென்பொருள்களில் `World-Ready` என்ற பெயருள்ள கம்போஸர் தேர்வாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அரபி எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே நிற்கும்.
2. பெட்டியின் அகலத்தை மாற்றினால் வரி வேறு இடத்தில் உடையும். முகவரி இரண்டு வரியாகிவிட்டால் இரண்டு வரியையும் தனித்தனியே படித்துப் பாருங்கள்.
3. பிடிஎஃப் எடுத்து, காகிதத்தில் அச்சிடுங்கள். அச்சிட்ட தாளைப் பார்த்துத் தொலைபேசி எண்ணை ஒருமுறை அழைத்துப் பாருங்கள். திரையைப் பார்த்தோ நினைவிலிருந்தோ அழைப்பது சோதனை ஆகாது.
4. எல்லாம் சரி என்ற பிறகு, அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியில் மட்டும் எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றிவிடுங்கள். அச்சகத்துக் கணினி மறுபடி வரிசையை ஊகிக்க வாய்ப்பே இராது. திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஒப்புதலை மட்டும் நீங்கள் தராதீர்கள். எண்ணும் புள்ளியும் நம் கண்ணுக்கு நேராக இருப்பது வேறு, அரபி வாசகருக்கு நேராக இருப்பது வேறு. ஜமால் முகமது கல்லூரியில் அரபித் துறை இருக்கிறது. ஊரில் மதரசாக்கள் இருக்கின்றன. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். அரபி சரளமாகப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் அச்சிட்ட தாளைக் கொடுத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தேதியையும் பேட்ச் எண்ணையும் அவர் படிக்கிற வரிசை உங்கள் மூலத் தாளோடு ஒத்துப்போனால் அச்சுக்கு அனுப்புங்கள்.